8.73, 77.70: நம்ம ஊருக்கு எதுக்கு இரண்டு எண்? ஒன்று போதாதா?

மேலப்பாளையம்_டியூஷன்

சாயங்காலம் வீட்டில் ஆறு, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறேன். அட்சரேகை, தீர்க்கரேகை பாடம் வந்தது. புத்தகத்தில் உள்ள உருண்டைப் படத்தைக் காட்டுவதை விட, போனில் மேப்பைத் திறந்து நெல்லையப்பர் கோயில் மேல் விரலை அழுத்திக் காட்டலாம் என்று செய்தேன். 8.728, 77.689 என்று வந்தது. ஊருக்குப் பொதுவாக 8.73, 77.70 என்று போர்டில் எழுதிப் போட்டேன்.

ஒரு பையன் கேட்டான்: "டீச்சர், பின்கோடு ஒரே நம்பர்தானே, இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு?" இன்னொருத்தி போனை வாங்கி 77.70, 8.73 என்று மாற்றித் தட்டினாள். மேப் நேரே ஐஸ் கடலுக்குப் போய்விட்டது. எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் ஏன் அங்கே போனது என்று எனக்குத் தெளிவாகச் சொல்ல வரவில்லை.

இரண்டு எண் சேர்ந்து ஓர் இடத்தை எப்படிப் பிடிக்கிறது? பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரி யாராவது விளக்குங்கள். போன் இல்லாத காலத்தில் இந்த எண்களை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதும் வேண்டும்.

பேட்டை_ராஜா

ரொம்ப சிம்பிள் டீச்சர். ஒரு டிகிரி என்றால் 111 கிலோமீட்டர். பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே 8.73 × 111, அதாவது 969 கிமீ. கிரீன்விச்சிலிருந்து கிழக்கே 77.70 × 111, அதாவது 8,625 கிமீ. இந்த இரண்டு தூரத்தையும் நடந்தால் டவுண் ரத வீதிக்கு வந்துவிடலாம். அவ்வளவுதான் விஷயம்.

சங்கிலி_சர்வேயர்

ராஜா தம்பி, முதல் கணக்கு சரி. இரண்டாவது கணக்கை நம்பி நடந்தால் டவுணுக்கு வர முடியாது.

கிரீன்விச் இருப்பது 51.5 டிகிரி வடக்கில். அங்கிருந்து அதே அட்சரேகையில் நேர் கிழக்கே போனால், சுமார் 5,390 கிமீ தாண்டியதுமே 77.70 தீர்க்கரேகை வந்துவிடும். அதே கிரீன்விச் கோட்டில் தெற்கே இறங்கி, நம்ம 8.73-க்கு வந்து, அப்புறம் கிழக்கே திரும்பினால் 8,550 கிமீ போக வேண்டும். இரண்டு இடத்திலும் தீர்க்கரேகை ஒன்றுதான், தூரம் வேறு. தீர்க்கரேகைக் கோடுகள் எல்லாம் துருவத்தில் போய்ச் சேர்கின்றன. அதனால் வடக்கே போகப் போக அவற்றின் இடைவெளி சுருங்குகிறது. ஒரு டிகிரிக்கு நம்ம ஊரில் 110 கிமீ, ஸ்ரீநகரில் 92, அறுபதாவது அட்சரேகையில் 56 கூட இல்லை.

ஆகவே பிள்ளைகளிடம் தூரம் என்று ஆரம்பிக்க வேண்டாம் டீச்சர். இரண்டுமே கோணம்.

அட்சரேகையை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். "8.73 வடக்கு" என்று மட்டும் சொன்னால் என்ன கிடைக்கிறது? பூமியைச் சுற்றி வருகிற ஒரு முழு வட்டம். அந்த வட்டத்திலேயே, கூடக் குறைய ஒரு சில கிலோமீட்டர் தள்ளி, தூத்துக்குடி இருக்கிறது. கடலைத் தாண்டினால் இலங்கையில் வவுனியா இருக்கிறது. மறுபக்கம் மேற்கே போனால் எத்தியோப்பியாவில் பிஷோஃப்டு என்ற ஊர். இவ்வளவு ஊருக்கும் ஏறக்குறைய ஒரே எண். பஸ் ஸ்டாண்டில் இறங்கி "8.73 எங்கே இருக்கு" என்று கேட்டால் எவனும் வழி சொல்ல மாட்டான்.

இப்போது "77.70 கிழக்கு" என்று மட்டும் சொல்லுங்கள். வட துருவத்திலிருந்து தென் துருவம் வரை இறங்குகிற ஓர் அரைவட்டம். அதில் நம்ம ஊர் இருக்கிறது, பெங்களூரு விமான நிலையம் இருக்கிறது, உத்தரப் பிரதேசத்து மீரட்டும் இருக்கிறது.

இந்த முழு வட்டமும் அந்த அரைவட்டமும் ஒரே ஓர் இடத்தில்தான் வெட்டும். அதுதான் நம்ம ஊர். அரைவட்டம் என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லுங்கள், பல பேர் விட்டுவிடுகிறார்கள். தீர்க்கரேகையை முழு வட்டமாக எடுத்தால் நம்ம அட்சரேகையை இரண்டு தடவை வெட்டும். இரண்டாவது வெட்டு 102.30 மேற்கில், மெக்சிகோவுக்குத் தெற்கே பசிபிக் கடலில் விழும். அந்தக் குழப்பம் வராமல் இருக்கத்தான் பாதியோடு நிறுத்திக் கிழக்கு, மேற்கு என்று பிரித்தது.

இந்த ஏற்பாடு இரண்டு இடத்தில் மட்டும் செல்லாது: துருவங்கள். அங்கே எல்லாத் தீர்க்கரேகையும் ஒன்றாக வந்து சேர்வதால், அட்சரேகை 90 என்ற ஒரே எண்ணே போதும். உங்கள் பையன் கேட்டதற்கு அது ஒரு பதில்: ஒரு நம்பர் போதுமான ஊர் உலகத்தில் இரண்டே இரண்டு, இரண்டிலும் டியூஷன் எடுக்க ஆள் கிடையாது.

சிவில்_மூணாம்வருஷம்

டீச்சர், அந்தப் பிள்ளை மாற்றித் தட்டினது நல்லதாகப் போயிற்று. முதலில் வருவது அட்சரேகை என்பது மேப்பின் ஏற்பாடு. 77.70-ஐ முதலில் போட்டதும் அது 77.70 வடக்கு, 8.73 கிழக்கு என்று எடுத்துக்கொண்டது. வட துருவத்துக்குப் பக்கம், ஸ்வால்பார்ட் தீவுகளுக்கு மேற்கே உள்ள கடல் அது.

இன்னொரு விளையாட்டு இருக்கிறது. எண்களை மாற்றாமல் கழித்தல் குறி மட்டும் போட்டுப் பாருங்கள். மேப்பில் தெற்குக்கும் மேற்குக்கும் கழித்தல் குறி.

```
 8.73,  77.70
 8.73, -77.70
-8.73,  77.70
-8.73, -77.70
```

முதலாவது நம்ம ஊர். இரண்டாவது பனாமா நாட்டில் கொலம்பியா எல்லைக்குப் பக்கத்துக் காடு. மூன்றாவது இந்தியப் பெருங்கடலில், டியேகோ கார்சியா தீவுக்குத் தென்கிழக்கே வெறும் தண்ணீர். நான்காவது பெரு நாட்டில் ஆண்டீஸ் மலை, ஹுவாஸ்கரான் சிகரத்துக்கு வடக்கே நாற்பது கிமீ சுமாருக்கு. எண்கள் அதே எண்கள்தான், திசை மாறினால் இடம் நாலாகிவிடுகிறது. எங்கள் காலேஜில் முதல் சர்வே லேபில் பாதிப் பேர் திசை எழுதாமல் கொடுத்து மார்க் இழந்தோம்.

பேட்டை_ராஜா

சர்வேயர் அண்ணாச்சி சொல்கிறது இருக்கட்டும். நம்ம மாவட்டத்துக்குள் 111 என்று போட்டால் என்ன குடி முழுகிப் போகிறது? தூத்துக்குடி 78.13, நம்ம ஊர் 77.70. வித்தியாசம் 0.43. 111 போட்டால் 48 கிமீ. ரோட்டில் ஐம்பதுக்குப் பக்கம். சரியாகத்தானே வருகிறது?

சங்கிலி_சர்வேயர்

நம்ம மாவட்டத்துக்குள் தாராளமாகப் போடலாம், நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற அதிர்ஷ்டம். இங்கே ஒரு டிகிரி அட்சரேகை 110.6 கிமீ, ஒரு டிகிரி தீர்க்கரேகை 110.0. காஷ்மீருக்குப் பேரனைப் பார்க்கப் போகும்போது அதே 111-ஐக் கையோடு கொண்டுபோகாமல் இருந்தால் சரி.

உவரி_கடலோடி

இதைப் படிக்கும்போது எங்கள் தொழிலில் செய்கிறதைத்தான் ஐயா சொல்கிறார் என்று தோன்றியது.

கடலுக்கு அடியில் மீன் அண்டுகிற பாறையை நாங்கள் பார் என்போம். ஜிபிஎஸ் வருவதற்கு முன்னால் என் தாத்தா பாரைக் கண்டுபிடிப்பது கரையைப் பார்த்துத்தான். கோயில் கோபுரமும் அதற்குப் பின்னால் மகேந்திரகிரி மலையில் ஒரு முனையும் ஒரே நேருக்கு வர வேண்டும். அது ஒரு கோடு. அந்தக் கோட்டிலேயே படகை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டு வந்தால், பக்கவாட்டில் வேறொரு ஊர்க் கோபுரமும் ஒரு தேரிமேடும் ஒரே நேருக்கு வரும். அது இரண்டாவது கோடு. இரண்டும் ஒரே சமயத்தில் நேராக நிற்கிற இடத்தில்தான் பார். ஒரு கோடு மட்டும் தெரிந்தால் அந்தக் கோட்டில் நாள் முழுக்க அலையலாம், பார் அகப்படாது.

இப்போது என் சிக்கல். மச்சான் போன வருடம் ஒரு பழைய ஜிபிஎஸ் பெட்டியிலிருந்து பார்க் குறிப்புகளை நோட்டில் எழுதி எடுத்தான். நான் அதைப் போனில் போட்டுப் பார்த்தேன். ஒரு பார் வட்டக்கோட்டைக்குப் பக்கத்தில் தரையில் காட்டுகிறது! தென்னந்தோப்பில் என்ன பார்? பெட்டி கெட்டுப் போயிற்றா?

பெட்டியில் இருந்தது இது:

```
N 08°12.600'
E 77°55.200'
```

நான் போனில் தட்டியது 8.12600, 77.55200.

சங்கிலி_சர்வேயர்

பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது தம்பி. அது சொன்னது வேறு, போன் கேட்டது வேறு.

ஒரு டிகிரியை 60 நிமிடமாகப் பிரிக்கிறார்கள். உங்கள் பெட்டி காட்டுவது டிகிரியும் நிமிடமும். 12.600 என்பது பன்னிரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். போன் கேட்பது டிகிரியின் தசமம். ஆகவே நிமிடத்தை 60-ஆல் வகுத்துத்தான் போட வேண்டும்.

12.600-ஐ 60-ஆல் வகுத்தால் 0.21. அட்சரேகை 8.21. அதே மாதிரி 55.200-ஐ 60-ஆல் வகுத்தால் 0.92. தீர்க்கரேகை 77.92. இதைத் தட்டிப் பாருங்கள், உவரிக்குத் தெற்கே கொஞ்சம் கிழக்காகக் கடலில் வந்து நிற்கும்.

நீங்கள் தட்டியதில் அட்சரேகை 0.084 டிகிரி குறைந்தது, அதாவது 9 கிமீ தெற்கே. தீர்க்கரேகை 0.368 குறைந்தது, அதாவது 40 கிமீ மேற்கே. உவரியிலிருந்து நாற்பது கிமீ மேற்கே தள்ளினால் பார் தரை ஏறாமல் என்ன செய்யும்!

ஒன்று கவனியுங்கள். நிமிடம் பெரிதாக இருக்க இருக்கத் தப்பும் பெரிதாகிறது. 12 நிமிடத்தில் 9 கிமீ, 55 நிமிடத்தில் 40. நிமிடம் 2, 3 என்று சின்னதாக இருந்தால் இரண்டு கிமீதான் தள்ளும், அதுவும் கடலுக்குள்ளேயே இருக்கும். அப்போது யாருக்கும் சந்தேகமே வராது. போய் வலை போட்டுவிட்டுப் பார் நகர்ந்துவிட்டது என்பார்கள்.

உவரி_கடலோடி

போட்டுப் பார்த்தேன் ஐயா, கடலில்தான் நிற்கிறது. ஆனால் நோட்டில் இன்னும் பல குறிப்பு இருக்கிறது. சிலது பெட்டியிலிருந்து எடுத்தது, சிலது யாரோ போனில் பார்த்துச் சொன்னது. மச்சான் எல்லாவற்றையும் ஒரே மாதிரி புள்ளி வைத்து எழுதி வைத்திருக்கிறான். எது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

சங்கிலி_சர்வேயர்

முதல் புள்ளிக்குப் பின்னால் வருகிற இரண்டு இலக்கத்தைப் பாருங்கள். அது 60 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிச்சயம் நிமிடம் இல்லை, தசம டிகிரிதான். 59 வரை இருந்தால் எதுவாகவும் இருக்கலாம், அங்கே இரண்டு வகையாகவும் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

களக்காடு_வாழைத்தோப்பு

சர்வேயர் ஐயா இருக்கிற இடத்தில் ஒரு விஷயம் கேட்டுக்கொள்கிறேன். எனக்கும் பக்கத்து வயல்காரருக்கும் வரப்புத் தகராறு. நான் வரப்பின் நாலு மூலையிலும் நின்று போனில் அட்சரேகை, தீர்க்கரேகை எடுத்து வைத்திருக்கிறேன். புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம் வரை இருக்கிறது. இதை வைத்து அவர் ஒரு முழம் உள்ளே வந்திருக்கிறார் என்று நிரூபிக்க முடியுமா?

சிவில்_மூணாம்வருஷம்

அண்ணாச்சி, டீச்சர் கேட்டது வேறு விஷயம்.

சங்கிலி_சர்வேயர்

இருக்கட்டும், இதுவும் அதே பாடத்தின் இன்னொரு பக்கம்தான்.

நம்ம ஊரில் ஒரு டிகிரி 110 கிமீ. புள்ளிக்குப் பிறகு நாலாவது இலக்கம் ஒன்று மாறினால் 11 மீட்டர். ஐந்தாவது மாறினால் 1 மீட்டர் சொச்சம். ஆறாவது மாறினால் 11 சென்டிமீட்டர். ஆக, ஆறு இலக்கம் இருந்தால் முழக் கணக்குக்குப் போதும் என்றுதான் தோன்றும்.

ஆனால் போன் ஆறு இலக்கம் எழுதுகிறது என்பதால் அதற்கு ஆறு இலக்கம் தெரியும் என்று அர்த்தமில்லை. திறந்த வெளியில் சாதாரண போனின் ஜிபிஎஸ் சில மீட்டர் அளவுக்கு முன்னே பின்னே சொல்லும். வாழைத்தோப்புக்குள் இலைக்கு அடியில் இன்னும் மோசம். ஒரே மூலையில் அசையாமல் நின்று பத்து நிமிடம் பாருங்கள், கடைசி இரண்டு இலக்கமும் தானாக ஆடிக்கொண்டிருக்கும். அந்த ஆட்டத்துக்குள் உங்கள் ஒரு முழம் எங்கே போய்த் தேட? புலப்படத்தை எடுத்து, கல்லைத் தேடி, முறைப்படி அளக்க மனுக் கொடுங்கள்.

களக்காடு_வாழைத்தோப்பு

நான் பார்க்கும்போது ஆடவில்லையே. நல்ல போன்.

மேலப்பாளையம்_டியூஷன்

எல்லாருக்கும் நன்றி. வட்டமும் அரைவட்டமும் வெட்டுகிற விஷயத்தைப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் பந்தில் ரப்பர்பேண்ட் மாட்டிக் காட்டினான்.

போன் இல்லாமல் கண்டுபிடிப்பதைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லை. எங்கள் மொட்டை மாடியில் செய்து பார்க்க முடியுமா?

சங்கிலி_சர்வேயர்

நல்ல நாளில் கேட்டீர்கள். வருகிற செப்டம்பர் 23-ஆம் தேதி செய்யலாம். சூரியன் 22 இரவு பூமத்திய ரேகைக்கு நேர் மேலே வருகிறது. அந்த நாளை ஒட்டி நடுப்பகலில் சூரியன் நம்ம தலைக்கு மேலிருந்து எவ்வளவு தெற்கே சாய்ந்திருக்கிறதோ, அதுதான் நம்ம அட்சரேகை.

ஒரு மீட்டர் கம்பை நூல்குண்டு வைத்துச் செங்குத்தாக நட்டுங்கள். நடுப்பகலில், நிழல் ரொம்பக் குட்டையாக இருக்கும்போது, நீளத்தை அளந்துகொள்ளுங்கள். சூரியன் சரியாக ரேகை மேல் இருந்தால் நம்ம ஊரில் 15 சென்டிமீட்டர் சொச்சம் வர வேண்டும். நிழலைக் கம்பின் நீளத்தால் வகுத்து, போன் கால்குலேட்டரில் டேன்ஜென்ட்டைத் திருப்பிப் போட்டால் கோணம் வந்துவிடும். வேறு எந்த ஊர்க்காரனிடமும் எதுவும் கேட்க வேண்டியதில்லை.

தீர்க்கரேகைதான் வம்பு பிடித்தது. பூமி சுழன்றுகொண்டே இருப்பதால், ஒரே அட்சரேகையில் இருக்கிற எல்லா ஊருக்கும் வானம் ஒரே மாதிரிதான் வந்து போகும், கொஞ்சம் முன்னே பின்னே. அந்த முன்னே பின்னேதான் தீர்க்கரேகை. அதை அளக்க வேறோர் இடத்து மணி நம்ம கையில் இருக்க வேண்டும். இந்திய நேரம் என்பது 82.5 கிழக்குக்கு உரிய நேரம், மிர்சாபூர் பக்கம் போகிற கோடு. பூமி ஒரு டிகிரி சுழல 4 நிமிடம். நம்ம உச்சிவேளை 12 மணிக்கு எத்தனை நிமிடம் தாமதமாக வருகிறதோ, அதை 4-ஆல் வகுத்து 82.5-லிருந்து கழித்தால் நம்ம தீர்க்கரேகை.

இரண்டு எச்சரிக்கை. நடுப்பகலை ஒட்டி நிழல் நீளம் மாறவே மாறாத மாதிரி இருக்கும், எந்த நிமிடம் குட்டை என்று கண்ணால் சொல்ல முடியாது. அதனால் 11 மணி தாண்டி ஒரு தடவை நிழல் நுனியைக் குறித்து, கம்பை நடுவாக வைத்து அந்த நீளத்துக்கு ஒரு வட்டம் போடுங்கள். மதியம் நிழல் நுனி மறுபடி அந்த வட்டத்தைத் தொடுகிற நேரத்தையும் குறியுங்கள். இரண்டுக்கும் நடு நேரம்தான் உச்சிவேளை. அடுத்தது, செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் கடிகாரத்தை விட ஏழரை நிமிடம் முந்திக்கொண்டு வரும். பூமி நீள்வட்டத்தில் ஓடுவதாலும் சாய்ந்திருப்பதாலும் வருகிற வித்தியாசம் அது. உங்களுக்குக் கிடைக்கிற நேரத்தோடு ஏழரை நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள்.

லண்டன்_போன_தாமிரபரணி

நடுவில் நுழைகிறேன். மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் கிரீன்விச் பார்க்கப் போனேன். தரையில் கோடு போட்டு, எல்லோரும் இரண்டு பக்கமும் கால் வைத்துப் போட்டோ எடுக்கிறார்கள். நானும் நின்று போனைப் பார்த்தேன். பூஜ்யம் காட்டவில்லை, மேற்கே கொஞ்சம் என்று காட்டுகிறது. பூஜ்யத்துக்கு இன்னும் நூறு மீட்டர் கிழக்கே பூங்காவுக்குள் நடக்க வேண்டியிருந்தது. இதிலும் போன் ஆட்டமா?

சங்கிலி_சர்வேயர்

இது ஆட்டம் இல்லை. அந்தக் கோட்டுக்கும் ஜிபிஎஸ் பூஜ்யத்துக்கும் இடையே உண்மையிலேயே 102 மீட்டர் இருக்கிறது. பூமத்திய ரேகையைப் பூமியின் சுழற்சியே தீர்மானித்துவிடுகிறது. தீர்க்கரேகைக்கு அப்படி இயற்கையான தொடக்கம் கிடையாது, எங்கிருந்தாவது எண்ண வேண்டும். 1884-இல் வாஷிங்டனில் நாடுகள் கூடிக் கிரீன்விச் தொலைநோக்கிக் கோட்டை வைத்துக்கொண்டன. அந்தத் தொலைநோக்கியை நிமிர்த்தியது அந்த இடத்துப் புவியீர்ப்பின் செங்குத்தை வைத்து. அந்தச் செங்குத்து பூமியின் மையத்தை நோக்கித் துல்லியமாக இருக்காது. செயற்கைக்கோள் கணக்கு மையத்திலிருந்து வருகிறது. வித்தியாசம் அங்கேதான்.

நம்ம பக்கமும் ஒரு கதை உண்டு. பழைய இந்திய சர்வே வரைபடங்களில் தீர்க்கரேகை எல்லாம் சென்னை வானாய்வகத்திலிருந்து எண்ணி வந்தது. சென்னையின் தீர்க்கரேகையையே டிகிரிக் கணக்கில் சுமார் இரண்டரை நிமிடம் கூடுதலாக வைத்திருந்தார்கள். அந்தப் படங்களில் நாடு முழுக்க நாலு கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே நகர்ந்து நிற்கும். அட்சரேகையில் அப்படிப் பெரிய பிசகு இல்லை. ஏன் என்று மேலே சொன்னதை வைத்துப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

மேலப்பாளையம்_டியூஷன்

23-ஆம் தேதி செய்தாயிற்று. விளக்குமாற்றுக் கம்பை ஒரு மீட்டருக்கு வெட்டி, செங்கல் முட்டுக் கொடுத்து நட்டோம். நல்ல வெயில்.

குட்டை நிழல் 16.5 சென்டிமீட்டர். கோணம் 9.37 வந்தது. நிழல் வட்டத்தைத் தொட்டது 11:14-க்கும் 1:11-க்கும். நடு நேரம் 12:12½. ஏழரை கூட்டினால் 12:20. இருபதை நாலால் வகுத்தால் 5. 82.5-இல் 5 போனால் 77.5.

9.37 ஏன் இவ்வளவு அதிகம்? ஊர் 8.73-தானே?

சங்கிலி_சர்வேயர்

நிழல் நுனி மங்கலாக இருந்திருக்குமே, எந்த இடத்தில் குறித்தீர்கள்?

மேலப்பாளையம்_டியூஷன்

ஆமாம், கடைசியில் சாம்பல் மாதிரி மங்கிப் போனது. அந்த மங்கல் முடிகிற இடத்தில் குறித்தோம்.

சங்கிலி_சர்வேயர்

சூரியன் புள்ளி இல்லை, அரை டிகிரி அகலமான தட்டு. அதனால் ஒரு மீட்டர் கம்பின் நிழல் நுனி கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டருக்கு மங்கும். மங்கலின் நடுவில் குறிக்க வேண்டும். வெளி ஓரத்தில் குறித்ததால் 0.27 டிகிரி கூடிப் போயிற்று. அடுத்தது, 22 இரவே சூரியன் ரேகையைக் கடந்துவிட்டது. 23 மதியத்துக்குள் 0.2 டிகிரி தெற்கே போயிருக்கும். இரண்டையும் கழித்தால் 8.90.

மிச்சம் 0.17 டிகிரி, 19 கிமீ. கம்பின் தலை மூன்று மில்லிமீட்டர் சாய்ந்தாலே இவ்வளவு வந்துவிடும். மாடித் தளத்தில் மழைத் தண்ணீர் வடிய வாட்டம் கொடுத்திருப்பார்கள், அதுவாகவும் இருக்கலாம். எது என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

நேரத்தில் உங்கள் தப்பு ஒரு நிமிடம்கூட இல்லை. ஆனால் ஒரு நிமிடம் என்பது கால் டிகிரி, 27 கிமீ. கப்பல்காரர்கள் நல்ல கடிகாரத்துக்காக ஏன் அப்படித் தவம் கிடந்தார்கள் என்று தெரிகிறதா?

சிவில்_மூணாம்வருஷம்

8.90, 77.50 போட்டுப் பார்த்தேன் டீச்சர். ஆலங்குளத்துக்குக் கொஞ்சம் வடக்கே. உங்கள் மாடியிலிருந்து முப்பது கிமீ சுமாருக்குத்தான். விளக்குமாற்றுக்கு இது மோசமில்லை!

பேட்டை_ராஜா

என் 111 கணக்குப் போட்டுத்தானே முப்பது கிமீ என்று சொன்னாய் தம்பி?

மேலப்பாளையம்_டியூஷன்

பிள்ளைகளுக்கு ஆலங்குளம் வந்ததில் ஒரே கொண்டாட்டம். மார்ச்சில் தளவாட்டம் பார்த்துக் கீழே முற்றத்தில் செய்யப் போகிறோம். இரண்டு மீட்டர் கம்பு வைத்தால் துல்லியம் கூடுமா?

சங்கிலி_சர்வேயர்

நிழல் இரண்டு மடங்கு நீளும், மங்கலும் இரண்டு மடங்கு ஆகும். அளவுகோல் தப்பு குறையும், மங்கல் தப்பு அப்படியே இருக்கும். கம்பு நுனியில் சின்னத் துளை போட்ட அட்டையை ஒட்டினால் தரையில் சூரியன் சின்ன வட்டமாக விழும். அதன் நடுவைக் குறியுங்கள். மார்ச்சில் ஏழரையைக் கூட்டாமல் கழிக்க வேண்டும், அப்போது சூரியன் பிந்தும்.

உவரி_கடலோடி

ஐயா, நோட்டு முழுக்கப் பார்த்துவிட்டேன். ஒன்றில் 77.8730 இருந்தது, 87 நிமிடம் கிடையாது என்பதால் அது போன் எண் என்று ஒதுக்கினேன். மற்றதை இரண்டு வகையாகவும் போட்டுப் பார்த்தேன். நிறைய குறிப்புக்கு ஒரு வகை தரையிலும் ஒரு வகை கடலிலும் விழுந்தது, கடலில் விழுந்ததை வைத்துக்கொண்டேன். இரண்டு மட்டும் எப்படிப் போட்டாலும் கடல்தான். மச்சானுக்கும் ஞாபகம் இல்லை.

சங்கிலி_சர்வேயர்

அதற்குக் கணக்கில் வழியில்லை தம்பி. அடுத்த தடவை அந்தப் பக்கம் போகும்போது இரண்டு இடத்திலும் ஈயக்குண்டை இறக்கி ஆழம் பாருங்கள்.

களக்காடு_வாழைத்தோப்பு

இன்று பத்து நிமிடம் நின்று பார்த்தேன். கடைசி ஒரு இலக்கம்தான் ஆடுகிறது, இரண்டு இல்லை. அப்படியானால் ஒரு மீட்டர் வரைக்கும் சரிதானே?

சங்கிலி_சர்வேயர்

ஆடாமல் நிற்கிறது என்றால் சரியான இடத்தில் நிற்கிறது என்று அர்த்தமில்லை. நாளை வேறு நேரத்தில் அதே கல் மேல் போனை வைத்துப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள்.